படத்தில் பளபள! உடம்பில் பொருந்துமா?
ஜாக்கெட் "முன்கூட்டியே பார்க்கும்" வசதி பற்றி தையல் மாஸ்டர் விளக்கம்

சென்னை தையல் கடைகளுக்குப் போனால் முதலில் டேப்பை எடுப்பார்கள். இப்போது சில கடைகளில் முதலில் போட்டோ எடுக்கிறார்கள்!

போட்டோவை கம்ப்யூட்டரில் ஏற்றி, பிடித்த மாடலைத் தொட வேண்டியதுதான். தைக்காத ஜாக்கெட்டை நீங்களே போட்டிருப்பது போல படம் வந்து விடும்.

பார்க்க ஜோர்! ஆனால் தைத்து வந்த பிறகு, "படத்தில் இருந்த மாதிரி இல்லையே" என்று சண்டையும் வருகிறது.

தியாகராயநகரில் ஒரு கடை. மகளின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையுடன் ஒரு தாய் வந்தார். சேலையோடு வந்த ஜாக்கெட் பீஸ் ஒன்றுதான். அதே துணி வேறு எங்கும் கிடைக்காது. கத்திரி வைத்து விட்டால் அவ்வளவுதான்!

அதனால் மாஸ்டரை அவர் விடாமல் கேள்வி கேட்டார்.

கேள்வி:- இந்தப் படம் என் அளவுக்குத்தானே வந்திருக்கு மாஸ்டர்?

பதில்:- இல்லைம்மா. உங்க போட்டோ மேலே மாடல் ஜாக்கெட்டை கம்ப்யூட்டர் வரைஞ்சு காட்டுது. உங்க மார்பளவு 38-ஆ 42-ஆ என்று அதுக்குத் தெரியாது. எந்த அளவா இருந்தாலும் படத்தில் கச்சிதமாகத்தான் காட்டும்.

கேள்வி:- அப்புறம் எதுக்கு இந்தப் படம்?

பதில்:- கழுத்து வட்டமா, பானையா? கை குட்டையா, நீளமா? சேலைக்கு எந்த நிறம் எடுப்பா இருக்கும்? இதையெல்லாம் முடிவு செய்ய நல்ல வசதி. நிறத்தை மட்டும் துணியைக் கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துக்கணும்.

கழுவுகிற கழுத்து... அல்ல, நழுவுகிற கழுத்து!

அந்தத் தாய் தேர்ந்தெடுத்த மாடலில் முதுகுக் கழுத்து ஆழம் 10 அங்குலம். தோள்பட்டை ஓரம் வரை அகலம். படத்தில் ஜாக்கெட் அசையாமல் நிற்கிறது.

நிஜத்தில் நிற்குமா? மாஸ்டர் கூறியதாவது:-

"கழுத்து ஆழமாக இருக்கலாம், அல்லது அகலமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் பிடிமானம் போய் விடும். கையைத் தூக்கினால் தோள் நழுவும். முதுகில் நாடா வைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அகலத்தைக் குறைக்க வேண்டும். படம் ஆடாது, அசையாது. அதனால் அதில் இது தெரியாது."

துணி போதுமா?

அடுத்ததுதான் பெரிய சிக்கல். படத்தில் முழங்கை வரை கை; கையின் ஓரத்தில் ஜரிகைக் கரை.

மாஸ்டர் பீஸை விரித்து அளந்தார். நீளம் 80 சென்டிமீட்டர். அதாவது சுமார் 31½ அங்குலம். பெரிய கரை ஒரு பக்கம்தான் இருக்கிறது. எனவே இரண்டு கைகளையும் அந்த ஒரே ஓரத்தில் பக்கம் பக்கமாக வெட்டியாக வேண்டும்.

தாயின் மேல்கைச் சுற்றளவு 14 அங்குலம். தளர்ச்சிக்கும் தையலுக்கும் 3 அங்குலம் சேர்த்தால் ஒரு கைக்கு 17. இரண்டு கைக்கு 34. துணியோ 31½. இரண்டரை அங்குலம் துண்டு விழுகிறது!

"அப்போ என்னதான் வழி?" என்று அவர் பதறினார்.

"பயப்படாதீங்கம்மா. அக்குள் பக்கம் சின்ன ஒட்டு கொடுத்துடலாம். கையைத் தொங்கப் போட்டால் வெளியே தெரியாது. ஒட்டு வேண்டாம்னா கரை இல்லாமல் கை வைக்கலாம். எது வேணும்னு வெட்டுறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்றார் மாஸ்டர்.

கம்ப்யூட்டர் துணியை அளப்பதில்லை. எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் படத்தில் வரைந்து விடும்!

படம் தப்பு என்று கண்டுபிடிப்பது எப்படி?

படத்தையும் அசல் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு மெலிந்திருக்கிறதா? தோள் குறுகி இருக்கிறதா? அப்படியானால் ஜாக்கெட்டை உங்களுக்குப் பொருத்தவில்லை. உங்களை ஜாக்கெட்டுக்குப் பொருத்தி இருக்கிறது!

கழுத்தில் முடி விழுந்த இடம், உடம்பை மறைக்கும் கை - இங்கெல்லாம் கோடு குழம்பி இருக்கும். முன்பக்க போட்டோ மட்டும் கொடுத்து விட்டு முதுகுப் படம் கேட்டால், அது வெறும் ஊகம்தான். நேராக நின்று, கொண்டை போட்டு, கையைச் சற்று விலக்கி, முன்னும் பின்னும் எடுத்தால் ஓரளவு சரியாக வரும்.

கடைசியில் அந்தத் தாய் பையில் இருந்து பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் டேப்பையும் எடுத்தார். பட்டில் கை வைக்கும் முன் சாதாரணத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. முதுகில் நாடா, அக்குளில் ஒட்டு என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக் கொண்டார்.

படத்தில் இருந்து அவர் எடுத்துக் கொண்டது கழுத்தின் வடிவத்தை மட்டும்தான்!