பாச்சை உருண்டைக்குள் ஐந்து கிலோஜூல் கணக்கு

அலமாரியில் துணிகளுக்கிடையே போடும் பாச்சை உருண்டைகளில் ஒரு வகை நாப்தலீனால் ஆனது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட இந்தப் பொருளை எரித்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்று அளப்பது கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் நெடுங்காலமாக நடக்கும் சோதனை. அரை கிராம் நாப்தலீனை மாத்திரையாக அழுத்தி, தடித்த எஃகுக் கலத்துக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் வைப்பார்கள். மெல்லிய கம்பி ஒன்று மாத்திரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கலத்தை இறுக மூடி, ஏறக்குறைய 30 வளிமண்டல அழுத்தத்துக்கு ஆக்சிஜனை நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் மாத்திரை நொடிப்பொழுதில் எரிந்துவிடும். கலம் அசையாது. தண்ணீரின் வெப்பநிலை மட்டும் மெல்ல ஏறும்.

இந்தக் கருவிக்கு பாம் கலோரிமீட்டர் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தலோ இதை உருவாக்கினார். ஒரு கருவியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 10.0 கிலோஜூல் தேவை என்று வைத்துக்கொள்வோம். அரை கிராம் நாப்தலீன் எரிந்ததில் வெப்பநிலை 2.01 டிகிரி கூடினால், வெளிவந்த வெப்பம் 20.1 கிலோஜூல். ஒரு மோல் நாப்தலீன் 128 கிராம் என்பதால், மோலுக்குச் சுமார் 5,150 கிலோஜூல் என்று கிடைக்கும். மிகக் கவனமாகச் செய்த அளவீடுகள் தரும் எண் 5,151.

ஆனால் தரவு அட்டவணையில் நாப்தலீனின் எரிதல் என்தால்பியைத் தேடினால் 5,156 என்றிருக்கும். ஐந்து கிலோஜூல் கூடுதல். இது அளவுப் பிழையல்ல. இரண்டு எண்களும் சரியானவை. அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

எஃகுக் கலத்தின் சுவர் நகராது. உள்ளே அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் கன அளவு மாறாது. எனவே எதையும் தள்ளும் வேலையோ, எதனாலும் தள்ளப்படும் வேலையோ நடப்பதில்லை. வெளியேறிய வெப்பம் முழுவதும் பொருள்களின் உள்ளிருந்த ஆற்றலிலிருந்தே வந்தது. அதுதான் அக ஆற்றல் மாற்றம், ΔU. ஆனால் அடுப்பிலும் திறந்த குடுவையிலும் வினைகள் மூடிய கலத்துக்குள் நடப்பதில்லை; வளிமண்டலத்தின் மாறாத அழுத்தத்தில் நடக்கின்றன. அந்தச் சூழலில் கிடைக்கும் வெப்பத்தைச் சொல்வது என்தால்பி மாற்றம், ΔH.

இனி அதே எரிதலை ஒரு சிலிண்டருக்குள் நடத்திப் பார்க்கலாம். மேலே உராய்வே இல்லாத பிஸ்டன். அதை வளிமண்டலம் அழுத்திக்கொண்டிருக்கிறது. தொடக்கமும் முடிவும் 25 டிகிரி செல்சியஸ்.

C₁₀H₈ (திண்மம்) + 12 O₂ (வாயு) → 10 CO₂ (வாயு) + 4 H₂O (நீர்மம்)

பன்னிரண்டு மோல் வாயு உள்ளே இருந்தது. எரிந்து முடிந்து குளிர்ந்தபின் பத்து மோல்தான் மிஞ்சுகிறது. கார்பனோடு சேர்ந்த பத்து மோல் ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பத்து மோல் கார்பன் டை ஆக்சைடு வந்துவிட்டது. ஹைட்ரஜனோடு சேர்ந்த இரண்டு மோல் ஆக்சிஜன் தண்ணீராகி அடியில் தேங்கிவிட்டது. இந்த வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.5 லிட்டர் இடம் பிடிக்கும். எனவே 49 லிட்டர் இடம் காலியாகி, வளிமண்டலம் பிஸ்டனை அந்த அளவுக்குக் கீழே தள்ளிவிடுகிறது. தள்ளிய வேலை என்பது அழுத்தத்தைக் கன அளவு மாற்றத்தால் பெருக்கிய மதிப்பு: 1,01,325 பாஸ்கல் × 0.0489 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 4,960 ஜூல். உள்ளே வந்து சேர்ந்த இந்த ஆற்றலும் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும். அட்டவணையில் கூடுதலாகத் தெரிந்த ஐந்து கிலோஜூல் இதுதான்.

ஒவ்வொரு முறையும் லிட்டர் கணக்குப் போடத் தேவையில்லை. வாயுவின் அழுத்தமும் கன அளவும் பெருகிய மதிப்பு மோல் எண்ணிக்கையையும் வெப்பநிலையையும் மட்டுமே சார்ந்தது. அழுத்தம் இரட்டித்தால் கன அளவு பாதியாகும், பெருக்கல் மாறாது. அதனால் சமன்பாட்டில் அழுத்தமே தென்படாது:

ΔH = ΔU + Δn × R × T

Δn என்பது விளைந்த வாயு மோல்களிலிருந்து வினைபட்ட வாயு மோல்களைக் கழித்தது, இங்கே −2. R = 8.314 ஜூல், T = 298 கெல்வின். பெருக்கினால் −4.96 கிலோஜூல். மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அலகில்தான்: R ஜூலில் இருக்கிறது, ΔU கிலோஜூலில் இருக்கிறது. ஆயிரத்தால் வகுக்காமல் கூட்டினால் விடை கிட்டத்தட்ட இருமடங்காகிவிடும். 298க்குப் பதில் 25 என்று போட்டால் திருத்தம் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

திண்மத்தையும் நீர்மத்தையும் ஏன் எண்ணுவதில்லை? ஒரு மோல் நாப்தலீன் பிடிக்கும் இடம் சுமார் 110 மில்லிலிட்டர். நான்கு மோல் தண்ணீர் 72 மில்லிலிட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வளிமண்டல அழுத்தத்தால் பெருக்கினால் நான்கு ஜூல்தான் தேறும். வாயுவின் 4,960 ஜூலுக்குப் பக்கத்தில் அதைத் தாராளமாக விட்டுவிடலாம். தீச்சுடரின் உயர்ந்த வெப்பநிலையும் கணக்கில் வராது. தொடக்க நிலையும் இறுதி நிலையும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் போதும்; இடையில் எவ்வளவு சூடேறியது என்பதை ΔH, ΔU இரண்டுமே பொருட்படுத்துவதில்லை.

தண்ணீர் எந்த நிலையில் முடிகிறது என்பதைத்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அது நீராவியாகவே நிற்பதாகக் கொண்டால் வாயு 12 மோலிலிருந்து 14 மோலாகக் கூடுகிறது. Δn இப்போது +2. நீராவியாக்கவே மோலுக்கு 44 கிலோஜூல் வீதம் செலவாவதால் வெளிவரும் வெப்பமும் குறைகிறது. ΔH −4,980 என்றும் ΔU −4,985 என்றும் ஆகி, வேறுபாடு திசை மாறிவிடுகிறது. இப்போது விரியும் வாயு வளிமண்டலத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு போகத்தான் வெப்பம் கிடைக்கும். துல்லியமான அளவீடுகளில் எஃகுக் கலத்துக்குள் முன்கூட்டியே ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் விடுவதன் காரணமும் இதுதான். கலத்தின் இடம் முதலிலேயே நீராவியால் நிறைவுற்றிருந்தால், வினையில் உண்டாகும் தண்ணீர் நீர்மமாகவே படியும்.

ஐயாயிரத்தில் ஐந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு. இதற்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். எரிதல் வெப்பத்தோடு நின்றுவிட்டால் அது பெரிய பிழையல்லதான். ஆனால் வேதியியலாளருக்கு அடுத்த கணக்கு காத்திருக்கிறது: கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்து நாப்தலீன் உருவாகும்போது ஏற்படும் என்தால்பி மாற்றம். பத்து மோல் கார்பன் டை ஆக்சைடு, நான்கு மோல் தண்ணீர் ஆகியவற்றின் உருவாதல் என்தால்பிகளைக் கூட்டினால் −5,078.4. இதிலிருந்து எரிதல் என்தால்பியான −5,156.3ஐக் கழித்தால் +77.9 கிலோஜூல். இரண்டு பெரிய எண்களின் இடையே எஞ்சும் சிறிய எண் இது. திருத்தத்தை மறந்து −5,151.3ஐக் கழித்தவருக்கு 72.9 கிடைக்கும். ஆயிரத்தில் ஒன்றாக இருந்த பிழை இங்கே நூற்றுக்கு ஆறைத் தாண்டிவிடுகிறது.

இந்த எளிய சமன்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அது வாயுக்களை நல்லியல்பு வாயுக்களாகக் கருதுகிறது. 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் அப்படி முழுமையாக நடந்துகொள்வதில்லை. கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் தண்ணீரிலும் கரைந்துவிடும். அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய ஆய்வகத்தில் பணியாற்றிய எட்வர்ட் வாஷ்பர்ன் 1933இல் இவற்றையெல்லாம் சரிசெய்யும் முறையை வகுத்தார். உயர் துல்லிய அளவீடுகளில் கலத்தினுள் கிடைத்த எண்ணை முதலில் அவர் முறைப்படி திருத்தி, அதன் பிறகே Δn × R × T சேர்க்கப்படுகிறது.