டீச்சருக்கு வந்த வரி நோட்டீஸ்

2024-இல் வந்த 143(1) நோட்டீஸில் 18,400 ரூபாயும் வட்டியும் கட்டச் சொல்லியிருந்தது. “உடனே கட்டிடலாம்மா,” என்று மகன் பதறினான்.

“இருப்பா, முதல்ல இது நிஜமான்னு பார்ப்போம்,” என்றார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மின்னஞ்சலில் இருந்த இணைப்பைத் தொடாமல், incometax.gov.in தளத்துக்குள் போனார். நோட்டீஸ் அங்கேயும் இருந்தது.

பிறகு படிவம் 26ஏஎஸ்ஸை எடுத்து, ரிட்டர்னோடு வரிவரியாக ஒப்பிட்டார். வைப்புநிதி வட்டியில் வங்கி பிடித்த 18,400 ரூபாய் அதில் இல்லை. டிடிஎஸ் சான்றிதழை உற்றுப் பார்த்தார். பான் எண்ணில் 6-க்குப் பதில் 8!

வங்கிக்குப் போய்த் திருத்தக் கணக்கு தாக்கல் செய்ய வைத்தார். இதற்கிடையே, தளத்தில் ‘ஏற்கவில்லை’ என்று காரணத்தோடு பதிலும் போட்டார். 26ஏஎஸ்ஸில் தொகை ஏறியதும் ரிட்டர்னை மறுபடி பரிசீலிக்கக் கோரினார். பாக்கி பூஜ்யமானது.

நோட்டீஸ் வந்தால், பணம் கட்டுமுன் 26ஏஎஸ்ஸைப் பாருங்கள்.