தாடியும் வளையலும் அறிவிப்புப் பலகையும்

"நாளை முதல் அனைவரும் சீருடையில் வர வேண்டும். தாடி, நீண்ட முடி, வளையல் கூடாது. வியர்வை நாற்றத்துடன் வருபவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள்."

நடுத்தர ஓட்டல் ஒன்றின் சமையற்கட்டு வாசலில் இப்படி ஒரு தாள் ஒட்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். கேட்பது எல்லாமே நியாயமானதுதான். உணவைக் கையாள்பவர்கள் சுத்தமான உடை அணிய வேண்டும், தலையை மூட வேண்டும், உணவில் விழக்கூடிய நகைகளைத் தவிர்க்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளே சொல்கின்றன. ஆனாலும் மாலைக்குள் சரக்கு மாஸ்டர் முறைத்துக்கொள்வார், இரண்டு சப்ளையர்கள் கணக்கை முடிக்கச் சொல்வார்கள்.

முதல் கோளாறு 'நாளை'. துணி யார் வாங்கித் தருவது, எத்தனை செட், துவைப்பது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. படிப்பவர் மனத்தில் உடனே எழுவது 'சம்பளத்தில் பிடிப்பார்களோ' என்ற சந்தேகம்தான். அதற்குப் பதில் இல்லாத அறிவிப்பை எவ்வளவு இனிமையாக எழுதினாலும் பயனில்லை.

அடுத்தது தாடி. கார்த்திகையில் மாலை போட்டவர் மலைக்குப் போய்வரும் வரை சவரம் செய்யமாட்டார். பழனிக்கோ திருப்பதிக்கோ முடி காணிக்கை நேர்ந்தவரும் அதுவரை முடி வெட்டமாட்டார். சிலருக்குத் தாடி மார்க்கக் கடமை. விதிமுறைக்குத் தேவை முடி உணவில் விழாதிருப்பது. அதற்குத் தொப்பியும் தாடி வலையும் போதும். வளையலும் அப்படியே. கண்ணாடி வளையல் உடைந்து மாவில் விழுந்தால் சில்லு கண்ணுக்குத் தெரியாது. மாவு பிசைபவர் கழற்றத்தான் வேண்டும். பில் போடும் பெண் எதற்குக் கழற்ற வேண்டும்? தாலியைக் கழற்றச் சொல்வது பேச்சுக்கே இடமில்லை. கழுத்து மூடிய மேலுடைக்குள் இருந்தால் சரி.

மூன்றாவது வரிதான் மோசம். அது யாரோ ஒருவரை மனத்தில் வைத்து எழுதியது, அந்த ஒருவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அடுப்படியில் பத்து மணி நேரம் நிற்பவருக்கு வியர்க்கத்தான் செய்யும். ஒருவரிடம் சொல்ல வேண்டியதைத் தனியே அழைத்து, வயதுக்குரிய மரியாதையோடு சொல்லிவிட வேண்டும். பலகைக்கு அதைக் கொண்டுவருவது கோழைத்தனம் என்றே சொல்வேன்.

அதே ஓட்டல், அதே விதிகள். இப்படி எழுதலாம்:

"நம் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி 1 முதல் நம் ஓட்டலில் சீருடை வருகிறது. ஆளுக்கு மூன்று செட் ஓட்டல் செலவில் தைத்துத் தரப்படும். சம்பளத்தில் எதுவும் பிடிக்கப்படாது. இந்த வாரம் மாலை 3 மணிக்கு டெய்லர் வந்து அளவெடுப்பார். பெண்கள் சுடிதாரோ புடவையோ தேர்ந்தெடுக்கலாம். அவர்களுக்கு அளவெடுக்கப் பெண் டெய்லர் வருவார். அடுப்படியில் இருப்பவர்களுக்குப் பருத்தித் துணிதான். தீப்பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

உணவைத் தொடுகிறவர்கள் தொப்பி அணிந்து, நகம் வெட்டி, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இல்லாமல் வேலை செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். கழற்றியவற்றை வைக்கப் பூட்டுள்ள பெட்டி தரப்படும். தாடி வைத்திருப்பவர்களுக்கு வலை உண்டு. விரதம், நேர்த்திக்கடன், மார்க்க வழக்கம், தோல் ஒவ்வாமை காரணமாக ஏதேனும் மாற்றம் தேவைப்படுபவர்கள் மேலாளரிடம் தனியே சொல்லலாம். பிப்ரவரி முழுவதும் பழகிக்கொள்ளும் மாதம். யார்மீதும் நடவடிக்கை இல்லை."

பிப்ரவரி 1 சும்மா வந்த தேதி அல்ல. மகரவிளக்கு, பொங்கல் இரண்டும் முடிந்து, ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். மூன்று செட்டுக்கும் காரணம் உண்டு: மழைக்காலத்தில் துவைத்தது மறுநாளைக்குள் காயாது, ஈரச் சட்டையோடு வருபவரைக் குறை சொல்லவும் முடியாது. 'கூடாது' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, ஆனால் விதி ஒன்றுகூடத் தளரவில்லை. "கேட்டுக்கொள்கிறோம்" என்பதால் விருப்பப்பட்டால் செய்யலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பழகும் மாதத்துக்கு முடிவு இருக்கிறதல்லவா?

ஒட்டும் முன் மூத்த மாஸ்டரிடமும் சப்ளையர்களில் ஒருவரிடமும் காட்டிவிடுவது நல்லது. தொப்பி அடுப்படியில் புழுங்கும், மேலே வலைத்துணி வைத்துத் தையுங்கள் என்பதுபோன்ற யோசனை அவர்களிடமிருந்துதான் வரும். பீகார், ஒடிசா, நேபாளத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால் இந்தியிலும் ஒரு தாள் வேண்டும். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் வாசித்தும் காட்டலாம். இவ்வளவும் செய்துவிட்டு, முதலாளியின் பிள்ளை கல்லாவில் டிஷர்ட்டோடு உட்கார்வதாக இருந்தால், அறிவிப்பை ஒட்டாமல் இருப்பதே மேல்.