வெள்ளிக்கிழமை வருவது யார்?

தந்திக்குச் சொல் கணக்கில் காசு. அதனால் அனுப்புகிறவர் முதலில் வெட்டுவது 'நான்', 'அவள்', 'என்' போன்ற சொற்களைத்தான். எங்கள் வீட்டுக்கு மும்பையிலிருந்து மாமா அனுப்பிய தந்தியில் மிஞ்சியவை நாலே சொற்கள்: "மதர் வெல் கமிங் ஃப்ரைடே."

பள்ளிக்கூட வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து படித்தார். "அம்மா சௌக்கியம், வெள்ளிக்கிழமை..." என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆங்கிலத்தில் 'கமிங்' என்றால் போதும். தமிழில் வருகிறேனா, வருகிறாளா, வருகிறார்களா என்று வினைச்சொல்லே ஆளைச் சொல்லியாக வேண்டும். தந்தியில் இல்லாத ஆளை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

"சம்பந்தியம்மா வராங்க" என்று தாத்தா அரிசிக்குச் சொல்லி அனுப்பினார். சின்னத்தை, மாப்பிள்ளை மட்டும் வருவதாகச் சொன்னாள். பாட்டி பேசவில்லை. அத்தைக்கு அது ஒன்பதாம் மாதம். 'மதர்' என்பது பிள்ளை பெற்றவள் என்றால், தாய் நலம் என்று எழுதியவர் குழந்தையைப் பற்றி ஏன் எழுதவில்லை? முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். 'மை' என்ற ஒற்றைச் சொல் இருந்திருந்தால் அந்த மூன்று ராத்திரி அவள் தூங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பேருந்தில் மாமா தனியாக இறங்கினார். காய்ச்சலில் கிடந்த தன் அம்மா தேறிவிட்டதைத்தான் எழுதியிருந்தார். அத்தைக்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை. பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. அந்தத் தாள் இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.