மாத்திரையும் மறுமொழியும்

கும்பகோணத்தில் தனியே வாழும் 74 வயதுப் பாட்டி ஒருவர் நாள்தோறும் மூன்று வேளை மருந்து உட்கொள்கிறார். விடியற்காலையில் தைராய்டு மாத்திரை. காலைச் சிற்றுண்டியின்போது இரத்த அழுத்தத்திற்கு ஒன்றும் சர்க்கரை நோய்க்கு ஒன்றும். இரவு உணவுடன் சர்க்கரை நோய்க்கு மற்றொன்று. அவருடைய மகள் குடும்பத்துடன் புனே நகரில் வாழ்கிறார். “மாத்திரை போட்டுக்கொண்டாயா, அம்மா?” என்று மகள் தொலைபேசியில் கேட்டால், “போட்டுக்கொண்ட மாதிரிதான் இருக்கிறது” என்று விடை வரும்.

இந்த ஐயம் தீங்கு தரக்கூடியது. உட்கொண்டதை மறந்து மீண்டும் உட்கொண்டால், சிலவகைச் சர்க்கரை நோய் மாத்திரைகள் இரத்தத்தில் சர்க்கரையை மிகவும் குறைத்துவிடும். வியர்வையும் நடுக்கமும் தோன்றும், மயக்கமும் வரலாம். ஆகவே, நினைவூட்டுவதோடு, உட்கொண்டாயிற்றா என்பதை ஐயமின்றி அறியவும் வழி வேண்டும்.

அதற்கு முதல் துணை மாத்திரைப் பெட்டி. வாரத்தின் 7 நாளுக்கும், நாளுக்கு மூன்றாக 21 அறைகள் கொண்ட பெட்டி போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து அதனை நிரப்ப வேண்டும். அறை வெறுமையாக இருந்தால் மருந்து எடுத்தாயிற்று. நினைவைத் துருவ வேண்டியதில்லை. சில மாத்திரைகளை உறையிலிருந்து முன்கூட்டியே பிரிக்கக் கூடாது. அவை எவை என்று மருந்துக்கடையில் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது நேரம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். உடனே காப்பி குடித்தால், மருந்து உடலில் சேர்வது குறையும். அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை இடைவெளி தேவை. பாட்டியோ எழுந்தவுடன் காப்பி வடிகட்டியைத் தேடுபவர். அந்தப் பழக்கத்தை மாற்ற முயலாமல், வடிகட்டி இருக்கும் அலமாரியிலேயே, அடுப்பின் வெப்பம் படாத தட்டில் பெட்டியை வைத்தனர். 5.30 மணிக்கு அலாரம் ஒலிக்கும்; காப்பி 6.15 மணிக்கு. மற்ற அலாரங்கள் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும், உணவு வேளையில் அமைந்தன.

இனி உறுதிச் செய்தி. அலாரத்தை நிறுத்தியவுடன் மகளுக்குத் தானாகவே செய்தி செல்லுமாறு அமைப்பது எளிது. ஆனால், விரல் பொத்தானைத் தொட்டது என்பதை மட்டுமே அது தெரிவிக்கும். மாத்திரை வயிற்றுக்குள் சென்றதா என்பதை அன்று. எனவே அலாரத்தையும் செய்தியையும் பிரித்தனர். மாத்திரையை விழுங்கி, வெறும் அறையைப் பார்த்த பின்னரே பாட்டி குறுஞ்செய்தி அனுப்புவார். “விடியல்”, “காலை”, “இரவு” என்னும் மூன்று சொற்கள் அலைபேசியில் முன்பே எழுதிச் சேமிக்கப்பட்டன. எந்த வேளைக்குரிய செய்தி என்பது சொல்லிலேயே விளங்கும்.

செய்தி வராவிட்டால் என்ன செய்வது? மின்னூட்டம் தீர்ந்த அலைபேசியால் தன் குறையைத் தானே தெரிவிக்க இயலாது. ஆதலால் காவல் புனேயில் இருக்க வேண்டும். மகளின் அலைபேசியில் 6 மணிக்கும், காலை 8.45, இரவு 8.45 மணிக்கும் அலாரங்கள் வைக்கப்பட்டன. அதற்குள் செய்தி வந்திருந்தால் சரி. இல்லையேல் மகள் அழைப்பார். கால்மணி நேரத்திற்குள் பாட்டி எடுக்காவிட்டால், மாற்றுச் சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டாரை அழைப்பார்.

ஒரு புதன்கிழமை காலை செய்தி வரவில்லை, அழைப்பும் செல்லவில்லை. அண்டை வீட்டார் சென்று பார்த்தபோது அலைபேசி அணைந்து கிடந்தது. புதன் காலை அறை வெறுமையாக இருந்தது. பாட்டி மருந்தை உட்கொண்டிருந்தார். மறுபடி கொடுக்கத் தேவை எழவில்லை.

மற்றொரு பிழை இதற்கு நேர்மாறானது. அந்த வார இறுதியில் பெட்டியை நிரப்பும்போது, வெள்ளி இரவு அறையில் மாத்திரை அப்படியே இருந்தது, செய்தியோ வந்திருந்தது! செய்தியை முதலில் அனுப்பிவிட்டு, யாரோ கதவைத் தட்டவே பாட்டி எழுந்து போயிருக்கிறார். அதன்பின் “விழுங்கிய பிறகே செய்தி” என்று பெரிய எழுத்தில் பெட்டியின் மூடிமேல் ஒட்டினர். செய்தி ஒருவரின் சொல்லே ஆதலால், வாரந்தோறும் செய்திகளையும் வெறும் அறைகளையும் ஒப்பிட்டு எண்ணும் வேலையைப் புனேயிலிருந்து பேத்தி காணொளி அழைப்பில் செய்கிறாள்.

தவறிய வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரண்டு மாத்திரை உட்கொள்ளலாகாது. எவ்வளவு நேரம் தாழ்ந்தாலும் உட்கொள்ளத்தக்கது எது, விட்டுவிட வேண்டியது எது என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதை மருத்துவரிடம் முன்பே கேட்டெழுதிய தாள், பெட்டியின் அருகில் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. மருத்துவர் மருந்தை மாற்றும் நாளில் அந்தத் தாளும் பெட்டியும் இரு ஊர் அலாரங்களும் அன்றே மாற்றப்படுகின்றன.