பொங்கலன்று யாருக்கு ஆஃப்?

மருத்துவமனை வார்டுகளில் மாதக் கடைசி நெருங்கினால் எல்லோர் கண்ணும் டியூட்டி லிஸ்ட் மேல்தான் இருக்கும். அதை யார் போடுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்சார்ஜ் சிஸ்டர் போடும் சுழற்சி லிஸ்ட்: இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்து நைட் என்று அது பாட்டுக்குச் சுற்றி வரும். இன்னொன்றில், என்னென்று வர முடியும், என்னென்று முடியாது என்று செவிலியர்களே முதலில் எழுதுவார்கள். அதை வைத்து லிஸ்ட் உருவாகும். இதுவும் புதிதல்ல. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 1963-லேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

எது நல்லது என்று பொதுவாகப் பேசினால் பதில் கிடைக்காது. ஒரு வார்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

12 செவிலியர்கள். காலை 7 முதல் 2 வரை மூன்று பேர், 2 முதல் இரவு 8 வரை மூன்று பேர், 8 முதல் மறுநாள் காலை 7 வரை இரண்டு பேர். ஆக, ஒரு நாளைக்கு 8 பேர் வேண்டும். நைட்டில் ஒரு ஜோடி திங்கள் முதல் வியாழன் வரை, இன்னொரு ஜோடி வெள்ளி முதல் ஞாயிறு வரை. இப்படிச் சுற்றினால் ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் நைட் வரும். நைட் பார்க்காத எட்டுப் பேரும் வாரம் ஆறு நாள் வந்தால் 48 ஷிஃப்ட். பகலுக்குத் தேவையோ 42. மிச்சம் ஆறு. அதாவது, ஒரே ஒருவர் ஒரு வாரம் முழுக்க லீவில் போகலாம். இந்த வார்டில் அசைந்துகொடுக்க உள்ள இடம் அவ்வளவுதான். எந்த முறையைக் கொண்டுவந்தாலும் இந்த ஆறு ஏழாகாது. 'இனி நீங்களே எழுதிக்கொள்ளலாம்' என்று அறிவிக்கும் நிர்வாகம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நம்பியவர்கள் இரண்டாவது மாதமே கசந்துபோவார்கள்.

சுழற்சி லிஸ்ட்டின் பெரிய பலம், மூன்று மாதம் கழித்து வரும் ஒரு கல்யாணத்தன்று நமக்கு என்ன ஷிஃப்ட் என்று இன்றைக்கே எண்ணிச் சொல்லிவிடலாம் என்பது. கணவருக்கும் ஷிஃப்ட் வேலை, வீட்டில் சின்னக் குழந்தை என்று இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வாரா வாரம் வியாழக்கிழமை அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் ஒருவரை அது கண்டுகொள்ளாது. அவர் வாரா வாரம் யாரிடமாவது கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். லிஸ்ட் ஒட்டிய பிறகு எத்தனை ஷிஃப்ட் கை மாறுகிறது என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். மூன்றில் ஒன்று மாறுகிறது என்றால், சுவரில் உள்ள லிஸ்ட் ஒன்று, வார்டில் நடக்கும் லிஸ்ட் வேறொன்று. நட்பு வட்டம் பெரிதாக உள்ளவர்களுக்கு அங்கே எல்லாம் நடக்கும்; புதிதாகச் சேர்ந்தவருக்கு நடக்காது.

அப்படிப்பட்ட வார்டில் அவரவர் எழுதும் முறைக்கு மாறலாம். ஆனால் முழுக்க மாறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நைட்டைச் சுழற்சியிலேயே விட்டுவிட வேண்டும். பகல் ஷிஃப்ட்டும் ஆஃபும் மட்டும் அவரவர் எழுதுவதாக இருக்கட்டும். ஏனென்றால் நைட்டைத் தானாகக் கேட்பவர்கள் குறைவு. கேட்காத ஷிஃப்ட்கள் கடைசியில் வாய் திறக்காதவர்கள் தலையில்தான் விழும்.

எழுதுவதற்கு முன்பே சில விதிகள் தாளின் தலைப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் அனுபவமுள்ள ஒருவராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோழிகள் சேர்ந்து சேர்ந்து எழுதி, ஒரு மாலை ஷிஃப்ட் முழுக்கப் புதியவர்களே நிற்பார்கள். நைட் முடித்து காலை 7 மணிக்குப் போனவர் அன்று 2 மணிக்குத் திரும்பி வரக் கூடாது. அவராக விரும்பிக் கேட்டாலும் கூடாது. தூங்காமல் வந்து ஊசி மருந்தின் அளவைப் பார்ப்பது நோயாளிக்கு ஆபத்து.

'முடியாது' என்பதும் 'வேண்டாம்' என்பதும் தனித்தனிக் கட்டமாக இருக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு இரண்டு 'முடியாது' என்று ஆளுக்கு ஒரே அளவாகக் கொடுத்துவிட்டு, காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும். டயாலிசிஸ் போல நீண்ட நாள் தேவை உள்ளவர்களுக்குத் தனியாகப் பேசி, தேதி போட்டு ஒரு ஏற்பாடு செய்யலாம். மற்றபடி காரணம் கேட்க ஆரம்பித்தால் யாருடைய காரணம் உசத்தி என்ற தராசு வந்துவிடும். அந்தத் தராசில் எப்போதும் தோற்பவர் கல்யாணமாகாத பெண். "உனக்கென்னம்மா, பிள்ளையா குட்டியா? இந்தப் பொங்கலுக்கு நீ பாத்துக்கோ" என்பதைக் கேட்காதவர் அநேகமாக எந்த வார்டிலும் இருக்க மாட்டார். ஊரில் அவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று அந்தத் தராசுக்குத் தெரியாது.

முதலில் எழுதியவருக்கே முதல் உரிமை என்பதையும் வைக்கக் கூடாது. தாள் வெளிவரும் நேரத்தில் நைட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? ஒரு வாரம் திறந்து வைக்க வேண்டும். அந்த வாரத்துக்குள் எப்போது எழுதினாலும் ஒரே மதிப்புதான். இன்சார்ஜின் வாட்ஸ்அப்புக்குத் தனியாக அனுப்பும் வேண்டுகோளைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

இப்போது பொங்கலுக்கு வருவோம். அது வெள்ளிக்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 பேரில் எட்டுப் பேர் டியூட்டியில் இருந்தாக வேண்டும். மீதி நால்வரில் இருவர் அன்று காலைதான் நைட் முடித்துப் போகிறார்கள். ஆகவே உண்மையான ஆஃப் இரண்டுதான். கேட்டிருப்பவர்கள் ஐந்து பேர்.

முதல் வேலை, ஐந்து பேரையும் உட்காரவைத்துப் பேசவிடுவது. உள்ளூர்க்காரர் ஒருவர், "எனக்கு மாட்டுப் பொங்கல் கிடைச்சாலும் போதும் சிஸ்டர்" என்று ஒதுங்கக்கூடும். மீதி நான்கு பேருக்கு ஏட்டைத் திறக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் அன்று யார் டியூட்டி பார்த்தார்கள், யார் ஆஃப் கேட்டு மறுக்கப்பட்டார்கள் என்று எழுதிய ஏடு அது. ஒருவர் போன பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டியூட்டி பார்த்திருக்கிறார். முதல் ஆஃப் அவருக்கு. இன்னொருவருக்கு இரண்டு நாளும் ஆஃப் கிடைத்திருந்தது. இந்த முறை அவர் டியூட்டி. மீதி இருவரும் தலைக்கு ஒரு பண்டிகைக்கு ஆஃப் வாங்கியவர்கள். அவர்கள் எதிரிலேயே சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதுதான். தோற்றவர் பெயர் அடுத்த பண்டிகைக்கு முதலிடம் என்று அன்றே ஏட்டில் ஏற வேண்டும். அது ஏறாமல் போனால் அவர் மறுபடி தாளில் எழுதமாட்டார். அன்று காலை போன் செய்து காய்ச்சல் என்று சொல்லிவிடுவார்.

இந்த ஏடு எல்லோரும் புரட்டிப் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். இன்சார்ஜின் மேசை இழுப்பறைக்குள் இருந்தால், நேர்மையாகவே நடந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆறேழு பேர் மட்டுமே உள்ள சின்ன வார்டுக்கு இதெல்லாம் வேண்டாம். அங்கே ஒருவருடைய விருப்பம் நேரடியாக இன்னொருவருடைய ஷிஃப்ட்டை மாற்றிவிடும். சுழற்சி லிஸ்ட்டே நல்லது. பெரிய வார்டிலும் மூன்று மாதம் நடத்திவிட்டு ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்டும் யாரும் கேட்காமல் மிஞ்சிய ஷிஃப்ட்டும் யார் யாருக்கு எத்தனை போயிருக்கிறது? ஒரே இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், ஞாயிறுகளையும் சுழற்சிக்கே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.