அகலத்தைக் குறைத்தால் ஆட்டம் சீராகும்

இரவு ஒன்பது மணிக்கு பிளேஸ்டேஷன் 4-இல் ஆட்டம் திக்கித் திணறுகிறதா? இணைய நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மடிக்கணினியை இணைத்து, ரவுட்டருக்கே பிங் அனுப்பிப் பாருங்கள்:

```
ping 192.168.1.1
```

(உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாகவும் இருக்கலாம்.) விடை 3 மில்லிசெகண்டிலிருந்து 150-க்குத் தாவினால், கோளாறு வீட்டுக்குள், காற்றில்தான் இருக்கிறது.

2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாமல் இருப்பவை 1, 6, 11 என மூன்றே சேனல்கள். ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ். ரவுட்டரில் 40 வைத்தால் ஏறக்குறைய பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். அடுத்த வீட்டு ரவுட்டர் பேசினால் காத்திருக்கும். அகலம் கூடக்கூட காத்திருக்க வேண்டிய அண்டைவீடுகளும் கூடும், உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிப்பாகும். ஆட்டத்துக்குத் தேவையான தரவு மிகக் குறைவு. அது நேரத்துக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ரவுட்டர் பக்கத்தில் 2.4GHz பிரிவுக்குள் Channel Width என்பதை 20MHz ஆக்குங்கள். 20/40 அல்லது Auto வேண்டாம். கூட்டம் குறைந்த சேனலையும் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே இரவு நேரத்தில் மீண்டும் பிங் பாருங்கள். பதிவிறக்கத்தின் உச்ச வேகம் குறையலாம். அப்போதும் தாவல் அடங்காவிட்டால், லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.